மழைக்கும் பில் போட்டோம்!

போன ஏப்ரலில் வெலிங்டன் போயிருந்தேன். குளிருக்காக அல்ல. கஸ்டமருக்காக.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் பெரிய வாடிக்கையாளர் முன்னால் போய் நின்று, 'நீங்கள் கொடுத்த காசுக்கு நாங்கள் என்ன செய்து கிழித்தோம்' என்று படம் காட்ட வேண்டும். இதற்கு க்யூ.பி.ஆர். என்று பெயர். பள்ளிக்கூடத்து ப்ராக்ரஸ் ரிப்போர்ட் மாதிரிதான். ஒரே வித்தியாசம், இதில் மார்க்கை நாமே போட்டுக்கொண்டு போகலாம். கையெழுத்துதான் அவர்கள் போட வேண்டும்.

வெலிங்டன் எங்கே என்பவர்களுக்கு: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் குன்னூர் தாண்டியதும் அடுத்த ஸ்டேஷன். காலையில் மெட்ராஸ் ரெஜிமென்ட் பையன்கள் பரேடு போகும் சத்தத்தில்தான் ஊர் கண் விழிக்கிறது. முப்படை அதிகாரிகளுக்கும் பாடம் நடத்தும் ஸ்டாஃப் காலேஜ் இங்கேதான். இப்பேர்ப்பட்ட ஊரில் எட்டே முக்காலுக்கு மீட்டிங் என்றால் எட்டே முக்கால்தான். நான் எட்டரைக்கே போய்ப் பழைய பங்களா வராந்தாவில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தேன். மடியில் லேப்டாப். அதில் 32 ஸ்லைடு.

கஸ்டமர், தேயிலைக் கம்பெனி. மூன்று ஆலைகள். சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கி விற்பவர்கள். ஜனவரி 1-ம் தேதி இரண்டு ஆலைகளில் எங்கள் சாஃப்ட்வேரைப் போட்டிருந்தோம். விவசாயி இலையைக் கொண்டுவந்து தராசில் வைத்ததும் எடை நேராகக் கம்ப்யூட்டருக்குப் போகும், ரசீது வரும், அவர் செல்போனுக்கு மெசேஜும் போகும். நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுவது, எழுதியதை அழிப்பது, அழித்ததை மறப்பது எல்லாம் ஒழிந்தது. ஆறு மாத ஒப்பந்தம். காலாண்டுக்கு 3 லட்ச ரூபாய் வாடகை. நீட்டிப்பதா, நிறுத்துவதா என்பதை இந்த மீட்டிங்கில்தான் முடிவு செய்யப்போகிறார்கள். நிறுத்தினால் எங்கள் டீமில் இரண்டு பையன்களுக்கு வேறு ப்ராஜெக்ட் கிடையாது. அதில் ஒருவனுக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

ஆகவே ஸ்லைடுகளை அலங்காரமாகத்தான் தயாரித்திருந்தோம்.

* * *

எதிரே உட்கார்ந்தவர் குரூப் மேனேஜர். அறுபது தாண்டியவர். நாற்பது வருஷம் தேயிலையோடு வாழ்ந்தவர். பக்கத்தில் கணக்கப்பிள்ளை. அவர் மடியில் தடியான பழைய ரெஜிஸ்டர். அந்த ரெஜிஸ்டரை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

முதல் பத்து ஸ்லைடில் 'எங்கள் உழைப்பு'. சர்வர் 99.8 சதவிகித நேரம் ஓடியது. 212 புகார்கள் வந்தன, 209 தீர்த்தோம். ஆறு புதிய ரிப்போர்ட்டுகள். நாலு தடவை பயிற்சி.

பெரியவர் டீயை உறிஞ்சியபடி, "தம்பி, இது நீங்க செஞ்ச வேலை. எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்றார்.

நியாயம்தானே? பெயின்டர் வந்து 'பதினாறு பிரஷ் தேய்ந்தது சார்' என்றால் நாம் சுவரைத்தானே பார்ப்போம். அதிலும் 212 புகார் என்பதைப் பெருமையாக எழுதியிருந்தேன். எங்கள் சாமான் 212 தடவை மக்கர் செய்தது என்றும் அதைப் படிக்கலாம் என்பது அவர் புருவத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அசரவில்லை. பதினொன்றாவது ஸ்லைடுக்குப் போனேன். இதுதான் ஹீரோ ஸ்லைடு. பச்சை கலரில் பெரிய அம்பு, மேலே பார்த்து.

அம்பு சொன்ன கதை இது. ஒரு தேயிலை ஆலையின் ஜாதகம் ஒரே எண்ணில் அடக்கம்: நூறு கிலோ பச்சை இலைக்கு எத்தனை கிலோ தூள் வருகிறது? சாதாரணமாக 22, 23 கிலோ வரும். மீதியெல்லாம் தண்ணீராக ஆவியாகிவிடும். ஆலை காசு கொடுப்பது இலைக்கு. காசு பார்ப்பது தூளுக்கு. தராசில் நிற்காத கிலோ நோட்டில் ஏறினால், இல்லாத இலைக்கு ஆலை பணம் கொடுக்கிறது என்று அர்த்தம். அப்போது இந்த எண் குறையும். எடையைக் கம்ப்யூட்டர் எழுதினால் எண் ஏற வேண்டும்.

ஏறியிருந்தது! அக்டோபர்-டிசம்பரில், நாங்கள் வருவதற்கு முன், இரண்டு ஆலைகளிலும் சேர்த்து 21.9. நாங்கள் வந்த ஜனவரி-மார்ச்சில் 23.4. வித்தியாசம் 1.5. அந்த மூன்று மாதத்தில் வாங்கிய இலை 10 லட்சம் கிலோ. அதில் நூற்றுக்கு ஒன்றரை என்றால் 15,000 கிலோ தூள். கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 15 லட்சம்!

அதோடு நாலு க்ளார்க்குகளுக்குத் தினம் இரண்டு மணி நேரம் மிச்சம். 75 வேலை நாளுக்கு 600 மணி. மணிக்கு 100 ரூபாய் வைத்து 60,000. ஆக மொத்தம் 15 லட்சத்து 60 ஆயிரம். எங்கள் வாடகை 3 லட்சம். போட்டதற்கு ஐந்து மடங்கு.

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு இடம் விட்டேன்.

* * *

பெரியவர் தட்டவில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர் ரெஜிஸ்டரைப் பிரித்தார்.

"தம்பி, அக்டோபர்ல இங்க வந்திருக்கீங்களா?"

"இல்லை சார்."

"வந்திருந்தா குடையோட வந்திருப்பீங்க."

விஷயம் இதுதான். கூடலூர்ப் பக்கம் கொட்டுவது தென்மேற்குப் பருவமழை. குன்னூர், வெலிங்டன் பக்கம் பெரும் மழை ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை. மழையில் பறித்த இலையில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வரும். தராசுக்கு இலை எது, தண்ணீர் எது என்று தெரியாது. ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள்; ஆனாலும் முழுக்கப் பிடிக்க முடியாது. அதனால் அந்த மாதங்களில் நூற்றுக்கு வரும் தூள் குறையும். ஜனவரி வந்தால் வானம் வெளுத்து, பனி விழுந்து, இலை காய்ந்து வரும். எண் தானாக ஏறும். எங்கள் தாத்தா காலத்திலும் ஏறியது. கம்ப்யூட்டர் இல்லாமலே ஏறியது.

கணக்கப்பிள்ளை மூன்றாவது ஆலையின் கணக்கைப் படித்தார். எங்கள் சாஃப்ட்வேர் போகாத ஆலை, இன்னமும் பென்சில்தான். அக்டோபர்-டிசம்பரில் 21.8. ஜனவரி-மார்ச்சில் 23.1.

அதாவது நாங்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில் 1.3 ஏறியிருக்கிறது. நாங்கள் இருந்த இடத்தில் 1.5. எங்கள் பங்கு மிஞ்சிப்போனால் 0.2.

"மழை நின்னதுக்கும் சேர்த்துப் பில் போட்டிருக்கீங்க" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னொரு வழியிலும் சரிபார்த்தோம். போன வருஷ ஜனவரி-மார்ச்சோடு இந்த வருஷ ஜனவரி-மார்ச். எங்கள் இரண்டு ஆலைகளில் 22.8-லிருந்து 23.4. ஏற்றம் 0.6. பென்சில் ஆலையில் 22.7-லிருந்து 23.1. ஏற்றம் 0.4, இந்த வருஷம் பருவம் நன்றாக இருந்திருக்கிறது. கழித்தால் மறுபடி அதே 0.2.

10 லட்சம் கிலோவுக்கு 0.2 என்றால் 2,000 கிலோ தூள். 2 லட்சம் ரூபாய். என் பதினைந்து லட்சம் பனி மாதிரி வெயில் வந்ததும் காணாமல் போனது.

அடுத்து க்ளார்க் கணக்கு. "அந்த நாலு பேர்ல யாரை நான் வீட்டுக்கு அனுப்பிச்சேன்? சம்பளப் பட்டியல்ல ஒரு ரூபா குறைஞ்சுதா?" குறையவில்லை. மிச்சமான இரண்டு மணி நேரத்தில் அவர்கள் வேறு வேலை செய்திருக்கலாம். வெயில் காய்ந்தும் இருக்கலாம். நேரம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் சம்பளமோ ஓவர்டைமோ குறையாத வரை அதைப் பணம் என்று எழுதக்கூடாது. ஓவர்டைம் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்க ராத்திரி உட்காருவதற்குப் போன வருஷம் இதே மூன்று மாதத்தில் 24,000, இப்போது 6,000. மிச்சம் 18,000.

இரண்டும் சேர்த்து 2 லட்சத்து 18 ஆயிரம். வாடகை 3 லட்சம். அவர்களுக்கு 82,000 ரூபாய் கைநஷ்டம்.

அந்தக் குளிரிலும் எனக்கு வியர்த்தது. புது மாப்பிள்ளை முகம் ஞாபகம் வந்தது.

* * *

நான் செய்த தப்பு தேயிலை உலகத்துக்குப் புதிதல்ல. ஒரு பெரிய உதாரணமே அந்த மலையில் இருக்கிறது.

குன்னூரில் தேயிலை ஏலம் ஒரு காலத்தில் ஹாலில் நடக்கும். ஏலக்காரர் விலை கூவுவார், வியாபாரிகள் குரல் கொடுப்பார்கள், சுத்தியல் விழும். 2008, 2009-ல் தேயிலை வாரியத்தின் மின்னணு ஏலம் வந்து, இந்திய ஏல மையங்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு மாறின. பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்த்து ஏலம் கேட்பது போய், திரையைப் பார்த்து பட்டன் தட்டுவது வந்தது.

சரி, 2009-ல் தேயிலை விலை என்ன ஆனது? எகிறியது.

என்னை மாதிரி ஒருவன் அப்போது ஸ்லைடு போட்டிருந்தால் 'எங்கள் கம்ப்யூட்டர் வந்தது, விலை ஏறியது' என்று பச்சை அம்பு வரைந்திருப்பான். ஆனால் அந்த வருஷம் கென்யாவிலும் இலங்கையிலும் மழை பொய்த்து, விளைச்சல் குறைந்து, உலகம் முழுக்கவே தேயிலைக்குத் தட்டுப்பாடு. அதே வருஷம் மொம்பாசாவிலும் கொழும்பிலும் பழையபடி வாயால் கூவித்தான் ஏலம் விட்டார்கள். அங்கேயும் விலை ஏறியது. கம்ப்யூட்டர் வந்த ஊரிலும் ஏற்றம், வராத ஊரிலும் ஏற்றம் என்றால் அந்த ஏற்றத்தைக் கம்ப்யூட்டர் கணக்கில் எழுத முடியாது. வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் எழுதலாம்.

அப்படியானால் மின்னணு ஏலத்தால் பலனே இல்லையா? இருந்தது. வேறு இடத்தில் இருந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கில் கொழும்பு ஏலம் ஹாலில் கூட முடியாமல் போனபோது, அவசர அவசரமாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஏலம் நின்றுபோகாமல் நடந்தது. விலை இரண்டு ரூபாய் ஏறியதா இறங்கியதா என்பதை விட, விற்பனை நிற்காததுதான் அங்கே பலன். பலன் நாம் அம்பு வரைந்த இடத்திலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

* * *

எங்கள் விஷயத்திலும் அதுதான் நடந்தது. லேப்டாப்பை மூடப் போனேன். அதுவரை தானாக வாய் திறக்காத கணக்கப்பிள்ளை, "இன்னொரு பக்கம் இருக்குங்க ஐயா" என்றார்.

ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கங்கள். எடைத் தகராறு. 'நான் கொண்டுவந்தது 46 கிலோ, நோட்டுல 43 போட்டிருக்கீங்க' என்று விவசாயிகள் வந்து சண்டை போடுவதை அவர் வருஷக்கணக்காகத் தேதிவாரியாக எழுதி வந்திருக்கிறார். எங்கள் இரண்டு ஆலைகளில் போன வருஷம் இதே மூன்று மாதத்தில் 41 தகராறு. இந்த வருஷம் 7. பென்சில் ஆலையில் 19, இப்போது 18. இதற்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது. பருவத்தையும் சொல்ல முடியாது.

மாதம் முடிந்து விவசாயிகளுக்குப் பட்டுவாடா செய்யக் கணக்கு முடிப்பதற்கு முன்பு ஒன்பது நாள். இப்போது இரண்டு நாள்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஏன் தம்பி நீங்க சொல்லலை?" என்றார்.

நான் ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரியாது. 32 ஸ்லைடையும் ஆபீஸில் உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரில் இருந்த எண்களை வைத்துப் போட்டேன். தகராறு ரெஜிஸ்டர் என் கம்ப்யூட்டரில் இல்லை. கணக்கப்பிள்ளையோடு மீட்டிங்குக்கு முந்தின நாள் ஒரு டீ குடித்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அந்த டீயின் விலை பத்தோ பதினைந்தோ ரூபாய்.

"சின்ன விவசாயிக்கு நாம ஒருத்தர்தான் ஆலைன்னு இல்லை. நாளைக்கே இலையைப் பக்கத்து ஆலைக்குத் தூக்கிட்டுப் போயிடுவான். எடையில நம்பிக்கை, ரெண்டாம் தேதி காசு. அதுக்குத்தான் இங்க நிப்பான். இலை வரலைன்னா அந்த மிஷினை வெச்சு நான் என்ன பண்றது?" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. "சார், அப்ப இதையும் ரூபாயாக்கி..." என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்" என்றார். "மூணு மாசத்துல தெரியாது. அந்த 0.2 கூட நிஜமான்னு எனக்குச் சந்தேகம்தான். எதுவுமே மாத்தாத ஆலையிலயே ஒரு வருஷத்துக்கு ஒரு வருஷம் அவ்வளவு ஆடும். மூணே ஆலையை வெச்சுக்கிட்டு சத்தியம் பண்ண முடியாது."

பிறகு அவரே வழியும் சொன்னார். மூன்றாவது ஆலையிலும் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன்னால், இன்றைய எண்களை இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வோம்: நூற்றுக்கு எவ்வளவு தூள், எத்தனை தகராறு, கணக்கு முடிய எத்தனை நாள், எத்தனை விவசாயிகள் இலை கொடுக்கிறார்கள். நாலே எண். அடுத்த வருஷம் இதே மாதங்களில் மறுபடி பார்ப்போம். பென்சில் ஆலையும் மற்ற இரண்டோடு சேர்ந்து வந்துவிட்டால், அது உங்கள் வேலை. வராவிட்டால் வானத்தின் வேலை.

ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு நீண்டது. வாடகையில் மட்டும் கொஞ்சம் வெட்டினார். மூன்றாவது ஆலைக்கும் சேர்த்துக் காலாண்டுக்கு மூன்றே கால் லட்சம். புது மாப்பிள்ளை தப்பித்தான்.

* * *

அதற்கப்புறம் நான் எங்கே ஸ்லைடு காட்டப் போனாலும் எட்டுக்கு மேல் கிடையாது. முதல் ஸ்லைடில் போன தடவை சொன்னது என்ன, நடந்தது என்ன. இரண்டாவதில் நாங்கள் சொதப்பியது. அதை நாமே முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் சொல்கிற நல்லதை நம்புகிறார்கள். பண எண் எதுவாக இருந்தாலும் மீட்டிங்குக்கு முந்தின நாளே அவர்கள் கணக்குப் பிரிவிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவிடுவேன். 'இந்த எண் எங்கிருந்து வந்தது?' என்று முதலாளி கேட்டால் பதில் சொல்ல அவர் ஆளே இருப்பார். ஒவ்வொரு அம்புக்குப் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதி வைத்துக்கொள்வேன்: நாம் வராமலே இருந்திருந்தால் இது என்ன ஆகியிருக்கும்?

கிளம்பும்போது கணக்கப்பிள்ளை வாசல் வரை வந்தார். நன்றி சொன்னேன். அந்தத் தகராறு ரெஜிஸ்டரை யார் சொல்லி எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலீங்க. சண்டை போட்டவங்க பேரை எழுதி வெச்சா, அடுத்த தடவை அவங்க வரும்போது நான் டீ குடிக்கப் போயிடலாம் இல்லீங்களா? இப்பத்தான் யாரும் வர்றதே இல்லை. டீ குடிக்கக் காரணமே இல்லாமப் போச்சு" என்றார்.

அவருக்கு நாங்கள் நஷ்டம்தான்.